ராமேஸ்வரம் குடும்பப் பயணத்துக்கு எந்த ஆப் நல்லது?

"எட்டு பேர், பாட்டியும் உண்டு. ராமேஸ்வரம், தனுஷ்கோடி போகிறோம். திட்டம், ரூம், எடுத்துப் போகும் பொருள் பட்டியல் எல்லாத்துக்கும் எந்த ஆப்?"

திட்டத்துக்கு Wanderlog, பட்டியலுக்கு கூகுள் கீப் போதும். ஆனால் ஆப் தூரத்தை வைத்துத்தான் வரிசை போடும். கோயில் நடைமுறை அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் நேரத்தோடு எழுத வேண்டும்.

அதிகாலை அக்னி தீர்த்தம், அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஈரத் துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், உடை மாற்றியே தரிசனம். கூட்ட நாளில் இதற்கே பாதி காலை போய்விடும். தனுஷ்கோடியை மதியத்துக்கு மேல் வையுங்கள். மாலையில் தாமதமாகப் போனால் அதன் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு வண்டியை விடமாட்டார்கள்.

அதனால் ரூம் தேடும்போது விலையைவிட வரைபடத்தைப் பாருங்கள். கிழக்குக் கோபுரத்துக்கு நடக்கும் தூரத்தில் இருந்தால் பாட்டி ஈரத்தோடு ஆட்டோ தேட வேண்டாம். பல இடங்களில் செக்-இன் மதியம் 12 மணிக்குத்தான். விடியற்காலை இறங்குவதாக இருந்தால் முந்தைய இரவிலிருந்தே புக் செய்யுங்கள், அல்லது 24 மணி நேர செக்-இன் உண்டா என்று போனில் கேளுங்கள்.

கீப் பட்டியலில் டிக் பெட்டிகளை வைத்து, எல்லோரையும் மின்னஞ்சல் முகவரியால் சேருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எடுத்து வருபவர் பெயர் இருக்கட்டும்: "மாற்றுச் சேலை – சித்தி", "ஈரத் துணிக்கு பிளாஸ்டிக் பை – அண்ணன்". பெயர் இல்லாத பொருளை எல்லோரும் மறப்பார்கள். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, ஆகவே சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவிடுங்கள்.