எதை வாரந்தோறும் எண்ணுவது, எதை விட்டுவிடலாம்? கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: சிறிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். விற்பனை மதிப்பை வைத்துச் சரக்கை ஏ, பி, சி என்று பிரிக்கச் சொல்கிறார் ஆடிட்டர். எங்களிடம் அதிகம் ஓடுவது தெஃப்லான் டேப். அதை ஏ பிரிவில் போடலாமா? ஒன்பது பொருளின் ஒரு வருடக் கணக்கை அனுப்பியிருக்கிறேன். (திண்டுக்கல்)

ப: போடக் கூடாது. எத்தனை எண்ணிக்கை விற்றது என்பதை மட்டும் பார்த்தால் டேப்தான் முதலிடம், 2,000 சுருள். ஆனால் ஒரு சுருளை 6 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள், ஆக வருடத்துக்கு 12,000 ரூபாய். சிமென்ட் 1,500 மூட்டைதான், ஆனால் மூட்டை 340 வீதம் 5,10,000 ரூபாய். இந்தப் பிரிப்பில் பார்க்க வேண்டியது விற்ற எண்ணிக்கையை வாங்கிய விலையால் பெருக்கிவரும் தொகையை. விற்கும் விலையைப் போட்டால் லாபமும் கலந்துவிடும். நமக்குத் தெரிய வேண்டியது உங்கள் முதல் எங்கே ஓடுகிறது என்பதுதான்.

நீங்கள் அனுப்பிய ஒன்பதையும் இப்படிப் பெருக்கி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். சிமென்ட் 5,10,000, பி.வி.சி. பைப் 2,16,000, ஒயர் 1,26,000, பெயின்ட் 84,000, எல்.இ.டி. பல்ப் 28,800, பைப் ஒட்டும் சொல்யூஷன் 15,000, டேப் 12,000, சிலிக்கான் டியூப் 5,400, வாஷர் 2,800. கூட்டினால் 10 லட்சம். சிமென்ட்டும் பைப்பும் சேர்ந்தே 72.6 சதவீதம். ஒயரையும் சேர்த்தால் 85. இந்த மூன்றும் ஏ. பெயின்ட்டும் பல்பும் பி. மீதி நான்கும் சேர்ந்து நாலு சதவீதம்கூட இல்லை, அவை சி.

கம்ப்யூட்டர் இருந்தால் எக்செல்லில் நீங்களே செய்துகொள்ளலாம். முதல் வரிசை தலைப்பு. B-யில் வருட விற்பனை எண்ணிக்கை, C-யில் வாங்கிய விலை, D-யில் இரண்டின் பெருக்கல். D-யைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திய பிறகு E2, F2 இரண்டிலும் இவற்றைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
E2: =SUM(D$1:D1)/SUM(D$2:D$10)
F2: =IF(E2<0.8,"A",IF(E2<0.95,"B","C"))
```

E-யில் வருவது அந்தப் பொருளுக்கு மேலே உள்ளவற்றின் பங்கு. அதனால் 80 சதவீதக் கோட்டைத் தாண்டவைக்கும் ஒயரும் ஏ பிரிவிலேயே நிற்கும். உங்கள் பட்டியல் நீளமாக இருந்தால் 10 என்ற எண்ணைக் கடைசி வரிசை எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். 80, 95 இரண்டும் பழக்கத்தில் வந்த கோடுகள், சட்டம் இல்லை. அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் ஏதாவது இரண்டு பொருளுக்கு நடுவே பெரிய இறக்கம் இருந்தால் கோட்டை அங்கேயே போடலாம்.

அப்புறம் எண்ணுவது. ஏ வாரம் ஒருமுறை, பி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சி வருடத்துக்கு இரண்டு தடவை போதும். இருப்பு குறைந்திருக்கும்போது, அதாவது புது லோடு வருவதற்கு முன் எண்ணினால் வேலையும் குறைவு, தவறும் குறைவு. எண்ணுகிற பையனிடம் புத்தகக் கணக்கைக் காட்டாதீர்கள். 43 இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அவனுக்கு 43 தான் கண்ணில் படும்.

கே: ஏ என்றால் தரம் உயர்ந்த பொருள், சி என்றால் மட்டமான பொருள் என்று அர்த்தமா? (கரூர்)

ப: இல்லை. தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கே: வருடக் கடைசியில் சரக்கு எண்ணியபோது சிமென்ட்டில் 40 மூட்டை குறைகிறது. வேலை பார்க்கும் பையன் எடுத்தானா, லாரியிலேயே குறைந்து வந்ததா தெரியவில்லை. அவன் அழுகிறான். என்ன செய்வது? (மணப்பாறை)

ப: தயவுசெய்து பையன் மேல் பழி போடாதீர்கள். வருடம் முழுக்க எண்ணாமல் விட்ட கணக்கிலிருந்து யார் எடுத்தது என்று எவராலும் சொல்ல முடியாது. வருடத்தில் 40 லோடு வந்திருந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை குறைந்திருந்தாலே 40 போயிருக்கும். லோடு இறக்குகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. உங்கள் நஷ்டம் உண்மையானது, மூட்டை 340 என்று வைத்தாலும் 13,600 ரூபாய். இன்றிலிருந்து இறக்கும்போதே எண்ணுங்கள். குறைந்தால் டிரைவர் கிளம்பும் முன் டெலிவரி சலானில் எழுதி அவர் கையெழுத்தும் வாங்குங்கள். சனிக்கிழமைதோறும் கையிருப்பை எண்ணிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்த முறை குறைந்தால் எந்த வாரம், எந்த லோடு என்று தெரியும். சிமென்ட் ஏ பிரிவில் இருப்பதன் பயனே இதுதான்.

கே: சிமென்ட் ஏ பிரிவில் வந்ததால் நிறைய வாங்கிப் போடலாம் என்று நினைக்கிறேன். 300 மூட்டை எடுத்தால் மூட்டைக்கு 5 ரூபாய் குறைப்பதாக டீலர் சொல்கிறார். இப்போது 50 மூட்டை வீதம் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து மூட்டை ஓடும். (தேனி)

ப: இந்தக் கேள்வி எத்தனை தடவை வந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் உங்கள் மேல் அல்ல, "வேகமாக ஓடுகிற சரக்கு, தைரியமாக எடுங்கள்" என்று சொல்லிக் கடைக்காரர் தலையில் கட்டுகிறவர்கள் மேல். ஏ என்று வந்தால் அடிக்கடி பார், குறைவாக வாங்கு, சீக்கிரம் திரும்ப வாங்கு என்று பொருள். நிறைய வாங்கிக் குவி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 300 மூட்டைக்கு 5 ரூபாய் வீதம் மிச்சம் 1,500. நாளைக்கு ஐந்து என்றால் அது தீர 60 வேலை நாள் ஆகும், வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு. 50 வீதம் வாங்கும்போது கடையில் சராசரியாக 25 மூட்டை நிற்கும். 300 வாங்கினால் சராசரி 150. கூடுதலாக நிற்கும் 125 மூட்டையில் அடைபட்ட பணம் 42,500 ரூபாய். வருடத்துக்கு 18 சதவீத வட்டி என்று வைத்தால் அந்த 60 நாளுக்கு 1,530 ரூபாய். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விட்டது. குடோன் இடம், மழைக்காலத்தில் கட்டியாகும் மூட்டை, கிழிந்த பை எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. சிமென்ட் மூன்று மாதம் தாண்டினால் வலு குறையத் தொடங்கும், சோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும். அதை நீங்கள் விற்றால் பாதிப்பு வீடு கட்டுகிறவருக்கு.

ஆர்டர் எப்போது? டீலருக்குப் போன் செய்து மூன்று நாளில் சரக்கு வருகிறது என்றால் அந்த மூன்று நாளுக்கு 15 மூட்டை வேண்டும். லாரி தாமதமானாலோ யாராவது மொத்தமாகக் கேட்டாலோ தாங்க இன்னொரு 10. ஆகக் கையிருப்பு 25-க்கு இறங்கியதும் 50-க்குச் சொல்லுங்கள். இந்த 25 என்ற எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் போடுங்கள். கட்டட வேலை சூடுபிடிக்கும் மாதத்தில் நாளுக்கு எட்டு ஓடினால் பழைய எண் உங்களைக் கைவிட்டுவிடும்.

நிறைய வாங்க வேண்டியது வாஷரைத்தான். அரை வருடத்துக்கு வாங்கினாலும் 1,400 ரூபாய்தான் ஆகும். இரண்டு டப்பாவில் பிரித்து வையுங்கள். முதல் டப்பா காலியானால் ஆர்டர், அதுவரை இரண்டாவதிலிருந்து விற்பனை. எண்ணவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

கே: பெயின்ட் பி பிரிவு என்று வந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்த்தேன். பொங்கலுக்கு முன் வெள்ளை தீர்ந்துவிட்டது. (விருதுநகர்)

ப: வருடக் கூட்டல் பருவத்தைக் காட்டாது. வெள்ளையடிக்கும் வேலை மார்கழியில் குவியும், எனவே கார்த்திகைக் கடைசியிலிருந்து பொங்கல் வரை பெயின்ட்டை ஏ மாதிரி நடத்துங்கள்.

கே: மெடிக்கல் ஷாப். சி பிரிவு மருந்துகளை வாங்குவதையே நிறுத்திவிடலாமா? இடம் மிச்சமாகும். (அரியலூர்)

ப: கூடவே கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சில ரூபாய்தான், உங்கள் பட்டியலில் கடைசியில் கிடக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் ஓடிவந்து கேட்டால் "சி பிரிவு, வாங்குவதில்லை" என்பீர்களா? ஆஸ்பத்திரி ஸ்டோர்களில் பண மதிப்போடு சேர்த்து, இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்தா என்றும் ஒரு பிரிப்பு போடுவார்கள். அப்படிப்பட்டதை மலிவாக இருந்தாலும் தீராமல் பார்த்துக்கொள்வார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள்.

கே: கண்காட்சியில் தள்ளுபடி என்று 18,000 ரூபாய் கொடுத்து பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினேன். ஏ, பி, சி ரிப்போர்ட் வருகிறது, ஆனால் வருடக்கணக்காக விற்காத குழாய் செட் ஏ பிரிவில் நிற்கிறது. (ஈரோடு)

ப: அது விற்பனையை விட்டுவிட்டு அலமாரியில் நிற்கும் சரக்கின் மதிப்பை வைத்துப் பிரித்திருக்கிறது. விற்காமல் குவிந்த பொருள் அப்படித்தான் மேலே வரும். அந்த ரிப்போர்ட்டுக்கும் ஒரு உபயோகம் உண்டு, பணம் எங்கே முடங்கியது என்று தெரியும். ஆனால் ஆர்டருக்கு உதவாது. அமைப்பில் மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். முடியாவிட்டால் விற்பனைப் பட்டியலை எக்செல்லுக்கு எடுத்து, முதல் பதிலில் உள்ளதைச் செய்யுங்கள். உங்கள் சொந்த விற்பனை விவரத்தை ஏற்றிக் காட்டச் சொல்லாமல் 18,000 கொடுத்தது எனக்குப் புரியவில்லை. பத்துப் பொருளை ஏற்றிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

கே: நான் கடைக்காரர் இல்லை. கடையில் வாங்கிய சிலிக்கான் டியூப் உள்ளே இறுகிக் கிடந்தது. "திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பில் இருக்கிறது. (திருச்சி)

ப: எனக்கும் இது நடந்திருக்கிறது. பாத்ரூம் ஓரம் பூச வாங்கிய டியூப் கல்லாக இருந்தது, ஆளுக்குக் கொடுத்த அரை நாள் கூலியும் வீண். சி பிரிவைக் கண்டுகொள்ளாமல் விடும் கடைகளில் பின்வரிசையில் இருக்கும் சரக்குக்கு வயதாகிவிடும். வருடத்துக்கு முப்பதோ நாற்பதோ ஓடும் பொருள், காலாவதித் தேதியும் உண்டு. மதிப்பால் சி என்றாலும் தேதியால் கவனம் கேட்கிற பொருள் இது. கடைக்காரர்கள் எண்ணாவிட்டாலும் மாதம் ஒருமுறை தேதியைப் பார்த்து, பழையதை முன்னால் எடுத்து வைக்க வேண்டும்.

நீங்கள் பில்லோடு போய்க் கேளுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். அதற்குள் போங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். டியூப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தேதி அச்சான பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.