அறுவடைக்கு விடுப்பு: வாசகர் கடிதமும் பதிலும்

ஐயா,

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். திருவாரூர் அருகே அப்பா தனியாக ஆறு ஏக்கர் சம்பா பயிரிட்டிருக்கிறார், ரகம் சி.ஆர். 1009. அறுவடைக்கு விடுப்புக் கேட்டால், "பொங்கலுக்குத்தான் ஊருக்குப் போகப்போகிறீர்களே? சரி, எந்தத் தேதி என்று சொல்லுங்கள்" என்கிறார் மேலாளர். என்னால் தேதி சொல்ல முடியவில்லை. என்ன செய்வது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ரகத்துக்கு வயது ஏறத்தாழ 155 நாட்கள். செப்டம்பர் முதல் தேதி விதைத்திருந்தால் பிப்ரவரி 3ஆம் தேதியை ஒட்டித்தான் அறுக்க முடியும் என்பதால், பொங்கல் விடுமுறை இதற்கு எந்த வகையிலும் உதவாது என்பதை மேலாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பயிரில் பாதி பூத்ததிலிருந்து ஏறக்குறைய முப்பது நாளில் நெல் முற்றிவிடும். ஆகவே அப்பா பூத்த நாளைச் சொன்னதும், ஒரு மாதம் முன்பாகவே உங்களால் ஒரு தேதியை அல்ல, ஒரு வாரத்தைக் குறிப்பிட முடியும்.

அந்த வாரத்துக்குள் நாள் தள்ளிப்போவது இயந்திரத்தாலும் ஈரத்தாலும்தான். தண்ணீர் வடியாத வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே சமயத்தில் முற்றியிருக்கும்போது அதற்கும் முறை வர வேண்டும்.

ஆனால் நீங்கள் மிகவும் தேவைப்படுவது அறுக்கும் நாளில் அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆறு ஏக்கரை இயந்திரம் ஒரு நாளில் அறுத்துவிடும். ஏக்கருக்கு 60 மூட்டை கண்டால் 40 கிலோ மூட்டையாக 360 மூட்டை நெல் களத்தில் கிடக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே வழக்கமான விதி. பனிக்காலத்தில் இயந்திரம் அறுத்த நெல் அதற்கு மேல்தான் இருக்கும் என்பதால், பகலில் பரப்பிக் கிளறி, மாலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, எடைபோடும் முறை வரும்வரை காவல் இருக்க வேண்டும். வயதான ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல இது. சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பொங்கலுக்குச் செல்லும்போதே சரிபார்த்து, கொள்முதலுக்கான முன்பதிவு நிலையையும் விசாரித்து வைத்தால், விடுப்பு நாட்கள் அலுவலகங்களுக்கு அலைவதில் கழியாது.

எனவே விடுப்பை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். "பிப்ரவரி 3 முதல் 16 வரையிலான நாட்களில் அறுவடைக்கு இரண்டு நாளும், நெல் எடைபோட மூன்று நாளும் தேவைப்படும், சரியான தேதியை இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்கிறேன், என் பணிகளை இன்னார் கவனிப்பார்" என்று எழுதுங்கள். உடல்நலமில்லை என்றோ உறவினர் திருமணம் என்றோ காரணம் காட்டாதீர்கள். மழையால் நாள் மாறும்போது அந்தக் காரணங்களை மாற்ற முடியாது, அறுவடை என்ற காரணத்தோடு தேதியையும் மாற்றிக் கேட்கலாம். மூன்று நாட்களுக்கு மேல் கிடைக்காவிட்டால், அறுவடையை அப்பாவிடமும் இயந்திரக்காரரிடமும் விட்டுவிட்டு, நெல் காயும் நாட்களுக்கும் எடைக்கும் செல்லுங்கள்.