சிங்கப்பூர் தேக்காவில் சேலைக் கடை வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு முன் மூன்று நாள் மட்டும் இணையத்தில் தள்ளுபடி விற்பனை, இதுவரை நடத்தியதில்லை. கூகல் விளம்பரத்தில் டார்கெட் சிபிஏ ஓடுகிறது. ஏலத் தொகையை எப்படிச் சரிசெய்வது?

டார்கெட் சிபிஏ தொகையைத் தொடாமல், Seasonality adjustments என்ற அமைப்பைப் பயன்படுத்துங்கள். டார்கெட் சிபிஏ என்பது ஓர் ஆர்டருக்காக நீங்கள் செலவழிக்க நினைக்கும் தொகை, அது மாறவில்லை. கிளிக் செய்பவர்களில் வாங்குவோரின் விகிதம்தான் மூன்று நாளைக்கு மாறப்போகிறது. ஏலத்தைத் தானாக நிர்ணயிக்கும் கூகலின் இயந்திரத்துக்கு அதை முன்கூட்டியே தெரிவிப்பதே இந்த அமைப்பின் வேலை. ஒன்று முதல் ஏழு நாள் வரை நீடிக்கும் விற்பனைகளுக்கு இது பொருந்தும்.

கணக்கை எளிமையாகப் பார்ப்போம். இலக்கு 20 வெள்ளி, நூறு கிளிக்குக்கு இரண்டு ஆர்டர் என்றால், ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 40 காசு வரை ஏலம் கேட்கலாம். விற்பனையில் மூன்று ஆர்டர் வரும் என்று கணித்து 50 விழுக்காடு உயர்வு என்று பதிந்தால், ஏலம் 60 காசுக்கு ஏறும். ஆசையில் 100 விழுக்காடு என்று போட்டுவிட்டு, உண்மையில் மூன்று ஆர்டர்தான் வந்தால், 80 காசு கொடுத்து வாங்கிய கிளிக்குகளால் ஓர் ஆர்டரின் செலவு 26 வெள்ளியைத் தாண்டிவிடும். அந்தப் பிழையை இயந்திரம் தானாகக் கண்டு திருத்துவதற்குள் விற்பனையே முடிந்துவிடும். எனவே கணிப்பு சற்றுக் குறைவாக இருப்பதே நல்லது.

அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கடினமான பகுதி. பொங்கலுக்கோ வேறு எதற்கோ நீங்கள் கொடுத்த தள்ளுபடி இருந்தால், அந்த நாள்களின் விகிதத்தை அதற்கு முந்தைய வாரங்களின் அதே கிழமைகளோடு ஒப்பிடுங்கள், அதுவும் விளம்பரம் வழியாக வந்தவர்களை மட்டும் வைத்து. ஜூலை மாதம் போன்ற மந்தமான காலத்தோடு ஒப்பிடக் கூடாது. பண்டிகைக் காலத்துக்கே உரிய ஏற்றத்தை இயந்திரம் அன்றாடத் தரவிலிருந்து ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கும், நீங்கள் சொல்ல வேண்டியது தள்ளுபடியால் கூடும் பங்கு மட்டுமே. சென்ற ஆண்டின் தரவைப் பார்ப்பதென்றாலும் தேதியை நம்பாதீர்கள்: இங்கு தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்கின் நேர மண்டலத்தையும் கவனியுங்கள். சென்னையில் உள்ள முகவர் இந்திய நேரத்தில் தொடங்கிக் கொடுத்த கணக்கு என்றால், அங்கே நள்ளிரவில் முடியும்படி வைத்த மாற்றம் இங்கே பின்னிரவு இரண்டரை மணிவரை ஓடும். தள்ளுபடி முடிந்த பிறகும் உயர்ந்த ஏலத்துக்குப் பணம் போகும். தினசரி பட்ஜெட்டையும் கூட்டுங்கள், இல்லையென்றால் விலை கூடிய கிளிக்குகள் அதை நண்பகலுக்குள் தீர்த்துவிடக்கூடும்.

அறிவிப்பு வெளியானதும் பலர் பார்த்துவிட்டு விற்பனைக்காகக் காத்திருப்பார்கள். கூகல் ஆர்டரைக் கிளிக் நடந்த நாளில் பதிவதால், முந்தைய நாள்கள் முதலில் மோசமாகத் தெரிந்து, பின்னர் நிரம்பும். விற்பனை நாளின் உண்மை நிலவரத்தை அறிய Conversions (by conv. time) என்ற நெடுவரிசையைப் பாருங்கள். எதிர்பார்த்த உயர்வில் பாதிகூட இல்லையென்றால், பதிந்த விழுக்காட்டை அன்று மாலையே குறைத்துவிடலாம். விற்பனை முடிந்ததும் எதிர்த்திசையில் ஒரு மாற்றம் போடத் தேவையில்லை. ஏலம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும்.