வங்கி இருப்பும் ரொக்க ஏட்டு இருப்பும் ஒத்துப்போகாதபோது

கேள்வி: எங்கள் ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் மாதக் கடைசி நாள் இருப்பு 52,400. அதே நாளுக்கு வங்கி அறிக்கை 61,520 என்கிறது. இரண்டிலும் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. இந்த 9,120 வித்தியாசத்தை எந்தக் கணக்கில் எழுதி நேர்செய்வது? வங்கிச் சரிகட்டும் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது? இரண்டின் நகலையும், முன்பு இப்பணியைப் பார்த்தவர் தயாரித்த சென்ற மாதப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அந்தத் தொகையை எந்தக் கணக்கிலும் எழுத வேண்டாம். 9,120 என்பது தனியொரு நடவடிக்கை அல்ல. கூட்டியும் கழித்தும் ஒன்றையொன்று பாதி மறைத்துக்கொண்ட பல நடவடிக்கைகளின் மிச்சம். அதை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டால் இருப்புகள் ஒத்துப்போய்விட்டதுபோல் தோன்றும். ஆனால் உள்ளே இருந்த பிழை அப்படியே தங்கிவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வங்கியில் உள்ள பணம் உங்களுக்குச் சொத்து. வங்கிக்கோ அது உங்களுக்குத் தரவேண்டிய கடன். ஆகவே உங்கள் ஏட்டில் பற்றுப் பக்கத்தில் இருப்பது வங்கி அறிக்கையில் வரவுப் பக்கத்தில் இருக்கும். ஒப்பிடும்போது உங்கள் ரொக்க ஏட்டின் பற்றுப் பதிவுகளை வங்கியின் வரவுப் பதிவுகளோடும், உங்கள் வரவுப் பதிவுகளை வங்கியின் பற்றுப் பதிவுகளோடும் பொருத்த வேண்டும். ஒரே பெயருள்ள பக்கங்களை ஒப்பிட்டுவிட்டு எதுவுமே பொருந்தவில்லை என்று திகைப்பவர்கள் உண்டு.

பொருத்தும் வேலையைச் சென்ற மாதப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அதில் ‘வழங்கியும் வங்கிக்கு வராதவை’ என்ற தலைப்பில் இரண்டு காசோலைகள் இருக்கின்றன. ஒன்று இந்த மாதம் வங்கியில் கழிக்கப்பட்டுவிட்டது; 6,300க்கான மற்றொன்று இன்னும் வரவில்லை. இந்த மாத ரொக்க ஏட்டை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் இந்த 6,300 உங்கள் கண்ணில் படவே படாது, ஏனெனில் அது சென்ற மாதமே எழுதப்பட்டுவிட்டது. அதன் பிறகு இரண்டு ஏடுகளிலும் ஒத்த பதிவுகளைத் தேதியோடும் காசோலை எண்ணோடும் தொகையோடும் சரிபார்த்துக் குறியிடுங்கள். குறி விழாமல் எஞ்சி நிற்பவைதாம் நம் வேலைக்கான பொருள்.

உங்கள் நகல்களில் அப்படி எஞ்சியவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில், நீங்கள் எழுதிவிட்டீர்கள், வங்கிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மாதக் கடைசி நாள் வசூலுக்குச் செலுத்திய 7,500க்கான காசோலையும், நீங்கள் வழங்கி இன்னும் வங்கிக்கு வராத 12,000, 6,300 ஆகிய இரண்டு காசோலைகளும் இதில் அடங்கும். இவற்றில் யாருடைய பிழையும் இல்லை. உங்கள் ஏட்டில் இவை ஏற்கெனவே சரியாகப் பதிவாகிவிட்டதால் புதிதாக எந்தப் பதிவும் தேவையில்லை. இவை பட்டியலில் மட்டுமே இடம்பெறும்.

இரண்டாம் வகையில், வங்கிக்கு முன்பே தெரிந்தது, உங்களுக்கு அறிக்கையைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. வங்கிக் கட்டணம் 350, பணமில்லாமல் திரும்பிவந்த வாடிக்கையாளர் காசோலை 4,800, இன்னொரு வாடிக்கையாளர் நேரடியாகக் கணக்கில் செலுத்திய 3,200 ஆகியவை அவை. இவற்றைப் பட்டியலில் காட்டிவிட்டு நிறுத்தினால் போதாது, ரொக்க ஏட்டிலேயே எழுதியாக வேண்டும். திரும்பிவந்த காசோலையில் கூடுதல் கவனம் வேண்டும்: வங்கி இருப்பைக் குறைப்பதோடு, தீர்ந்துவிட்டதாக நினைத்த அந்த வாடிக்கையாளரின் பாக்கியையும் அவர் கணக்கில் பற்று எழுதி மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும். 3,200ஐ யார் செலுத்தினார் என்று உறுதிசெய்துகொண்டே அவர் கணக்கில் வரவு வையுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வங்கி அறிக்கை இருப்பு 61,520உடன் வசூலாகாத 7,500ஐக் கூட்டி, வராத காசோலைகள் 18,300ஐக் கழித்தால் 50,720 வருகிறது. ரொக்க ஏட்டு இருப்பு 52,400இலிருந்து 350ஐயும் 4,800ஐயும் கழித்து 3,200ஐக் கூட்டினால் 50,450 வருகிறது. இன்னும் 270 உதைக்கிறது.

இந்த 270, 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது. இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகவே இருக்கும் என்பதால், தேட வேண்டிய திசை கிடைத்துவிட்டது. (ஒரு தொகை பக்கம் மாறி எழுதப்பட்டிருந்தால் வித்தியாசம் அத்தொகையைப்போல் இருமடங்காகத் தெரியும், அப்போது பாதித் தொகையைத் தேட வேண்டும். ஆனால் இவை இரண்டும் குறிப்புகளே, நிரூபணம் அல்ல.) உங்கள் ரொக்க ஏட்டில் 3,960 என்று எழுதிய ஒரு காசோலை வங்கியில் 3,690ஆகக் கழிக்கப்பட்டிருக்கிறது. காசோலை எண் ஒன்றாக இருந்ததால், தொகையைக் கவனிக்காமல் குறியிட்டிருக்கிறீர்கள். காசோலையின் அடிக்கட்டையையும் விலைப்பட்டியலையும் பாருங்கள். 3,690தான் சரி என்றால் 270ஐ ரொக்க ஏட்டில் கூட்டி, பணம் பெற்றவர் கணக்கிலும் அதே தொகைக்குத் திருத்தம் எழுதுங்கள். வங்கிதான் தவறிவிட்டது என்று தெரிந்தால் உங்கள் ஏட்டைத் தொடாமல் வங்கிக்கு எழுத வேண்டும். திருத்தம் வரும்வரை அது பட்டியலில் வங்கிப் பக்கத்தில் நிற்கும்.

திருத்தங்களை எழுதியபின் ரொக்க ஏட்டு இருப்பு 50,720 ஆகிறது. முறையான பட்டியல் இவ்வளவுதான்:

திருத்திய ரொக்க ஏட்டின்படி இருப்பு: 50,720
கூட்டுக: வழங்கியும் வங்கிக்கு வராத காசோலைகள் (12,000 + 6,300): 18,300
கழிக்க: செலுத்தியும் வசூலாகாத காசோலை: 7,500
வங்கி அறிக்கையின்படி இருப்பு: 61,520

திருத்தாத இருப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும் முறையும் பாடநூல்களில் உண்டு. கணக்கு அதிலும் சரியாகவே வரும். ஆனால் எதை ஏட்டில் எழுத வேண்டும், எதைக் காலம் தானே தீர்த்துவைக்கும் என்பது அதில் கலங்கிப்போகிறது. நடைமுறையில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மேல்வரைப்பற்றுக் கணக்கானால் இருப்பை எதிர்மறை எண்ணாக வைத்துக்கொண்டு இதே கூட்டல் கழித்தலைச் செய்தால் போதும்.

பட்டியல் ஒத்துப்போனதாலேயே ஏடுகள் முழுவதும் சரி என்று ஆகிவிடாது. தவறான செலவுத் தலைப்பில் எழுதிய காசோலையும், கொடுக்க வேண்டாத ஒருவருக்குக் கொடுத்துவிட்ட பணமும் இரண்டு ஏடுகளிலும் ஒரே தொகையாக இருந்தால் இங்கே பிடிபடா. ஆகவேதான் காசோலை எழுதுபவரும் இப்பட்டியலைத் தயாரிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது.

இனி அடுத்த மாத அறிக்கை வந்ததும் இரண்டு பதிவுகளைத் தேடுங்கள். 7,500 முதல் சில நாட்களுக்குள் வரவாக வேண்டும். வராவிட்டால் அது வசூலில் தாமதமல்ல, செலுத்தப்படவே இல்லையோ என்று செலுத்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 6,300 மறுபடியும் வராவிட்டால் காசோலை பெற்றவரிடம் விசாரியுங்கள். அதன் செல்லுபடிக் காலம் கடந்துவிட்டால் தொகையை வங்கிப் பத்தியில் திரும்பப் பற்று எழுதி, அவர் கணக்கில் வரவு வையுங்கள். அதை வருமானமாகக் காட்டிவிடக் கூடாது, காசோலை காலாவதியானாலும் அவருக்கு நீங்கள் தரவேண்டிய கடன் அப்படியே இருக்கிறது.