முன்பக்க ஜாக்கில் மட்டும் கரகரப்பு

“கணினியின் பின்பக்க ஜாக்கில் நன்றாகக் கேட்கிறது. முன்னால் ஹெட்ஃபோன் சொருகினால் கரகரப்பு, சில நேரம் சத்தமே இல்லை.”

அப்படியானால் ஒலிச் சில்லில் பெரும்பாலும் பழுதில்லை. முன்பக்க ஜாக் அல்லது அதன் கேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

பாட்டை ஓடவிட்டு, சொருகிய ஹெட்ஃபோன் பின்னை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஜாக்கின் உள் தகடு தளர்ந்திருக்கலாம். சுழற்றினாலும் மாறாமல், மவுஸை நகர்த்தும்போதோ கேம் ஓடும்போதோ இரைந்தால், கேபிள் கிராபிக்ஸ் கார்டை ஒட்டிப் போகிறதா பாருங்கள். தள்ளிக் கட்டினாலே பெரும்பாலும் குறையும்.

சத்தமே இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மதர்போர்டில் `HD_AUDIO`, `AAFP` அல்லது `JAUD1` என்று எழுதிய இடத்தில் கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்துங்கள். கேபிளில் `AC97` என இன்னொரு முனை இருந்தால் அதை விட்டுவிட்டு `HD AUDIO` முனையைச் சொருகுங்கள்.

ஒன்று கவனம்: பக்கத்திலுள்ள யுஎஸ்பி பின்களும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். பொருந்தாவிட்டால் அழுத்தாதீர்கள்.