கையில் ரிப்போர்ட் இல்லாதபோது ரெஸ்யூமில் எண் போடுவது எப்படி

கேள்வி: பேக் ஆபீஸ் கிளார்க்காக இன்வாய்ஸ் என்ட்ரி, சரிபார்ப்பு, மாத இறுதிக் கணக்கு ஒத்துப்பார்ப்பு எல்லாம் செய்கிறேன். ரெஸ்யூமில் சாதனைகளை எண்ணோடு எழுதச் சொல்கிறார்கள். என் பெயரில் எந்த ரிப்போர்ட்டும் கிடையாது. பொய் சொல்லாமல் எப்படி எண் போடுவது?

பதில்:

மதிப்பீடாகப் போடலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் மொத்த எண்ணை நினைவிலிருந்து நேராக எடுக்காதீர்கள். சின்னச் சின்னத் துண்டுகளாகக் கணக்குப் போட்டு, வேறொரு வழியில் அதைச் சரிபார்த்து, இரண்டில் குறைவாக வருவதை எழுதுங்கள். நான் பல வருடம் இன்வாய்ஸ் என்ட்ரி போட்டவன். இப்போது அதே வேலைக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணலில் எதிர்ப்பக்கம் உட்காருகிறேன். அங்கே நான் கேட்கும் முதல் கேள்வியே “இந்த எண் எப்படி வந்தது?” என்பதுதான்.

உங்கள் வேலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, முறை மட்டும் நிஜம்.

“மாதத்துக்கு எத்தனை இன்வாய்ஸ் போடுவீர்கள்?” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் “ஆயிரத்துக்கு மேல் இருக்கும்” என்பார்கள். அதை விட்டுவிட்டு, ஒரு சாதாரண நாளில் எத்தனை என்று யோசியுங்கள். 35 முதல் 45 என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி நாலு நாள் மட்டும் 60 முதல் 70. மாதத்தில் 22 வேலைநாள் என்றால் 18 சாதாரண நாளுக்கு 630 முதல் 810, மாதக் கடைசிக்கு 240 முதல் 280. ஆக மொத்தம் 870 முதல் 1,090. இது முதல் வழி.

இந்த எண் பெரும்பாலும் கொஞ்சம் ஊதித்தான் வரும். நாம் நினைவில் வைத்திருப்பது முழு நாள் வேலை பார்த்த நாட்களை. சிஸ்டம் இரண்டு மணி நேரம் படுத்துக்கொண்ட நாள், பயிற்சி என்று உட்காரவைத்த நாள், லீவு எடுத்த நாள் எல்லாம் மனக்கணக்கில் வராது. அதனால்தான் இரண்டாவது வழி வேண்டும். அது நினைவைத் தொடாமல், வேலை விட்டுச் சென்ற தடயத்திலிருந்து வர வேண்டும்.

கிளார்க் வேலையில் நல்ல தடயம் வவுச்சர் எண்தான். சிஸ்டம் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையாக எண் கொடுக்கிறது. வருடத்தின் முதல் நாள் போட்ட பதிவின் எண் 40,120, கடைசி நாள் எண் 71,300 என்றால் இடையில் சுமார் 31,200 பதிவுகள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பல சிஸ்டங்களில் கிரெடிட் நோட், ரத்தான பதிவு, திருத்தப் பதிவு எல்லாம் ஒரே வரிசையில்தான் எண் வாங்கும். சில இடங்களில் இரண்டு கிளைகளுக்கும் ஒரே வரிசை. எனவே பட்டியலில் ஏதாவது ஓர் இடத்தில் அடுத்தடுத்து 50 பதிவுகளை எடுத்துப் பாருங்கள். அதில் நாலு இன்வாய்ஸ் அல்ல என்றால் 8 சதவீதத்தைக் கழியுங்கள். மாதத்தின் நடுவில் ஒரு 50, கடைசியில் ஒரு 50 என்று பார்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் திருத்தப் பதிவுகள் மாதக் கடைசியில்தான் குவியும். கழித்தபின் மிஞ்சுவது சுமார் 28,700. வேலையை மூன்று பேர் ஏறக்குறைய சமமாகப் பகிர்ந்திருந்தால் உங்கள் பங்கு வருடத்துக்கு 9,500 சொச்சம், மாதத்துக்கு 800-ஐ ஒட்டி.

முதல் வழி 870 முதல் 1,090 என்றது, இரண்டாவது வழி 800 என்கிறது. வருடத்தில் மொத்தம் ஒரு மாத அளவுக்கு லீவும் பயிற்சியும் போயிருந்தால், 870-ஐ 11 மாதத்துக்குப் பெருக்கி 12-ஆல் வகுத்தாலே 800-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடிகிறதா, அப்போதுதான் அந்த மதிப்பீட்டை நம்பலாம். ஒரு வழி 800 என்றும் இன்னொன்று 2,000 என்றும் சொன்னால் நடுவில் 1,400 என்று போட்டுவிடாதீர்கள். ஏதோ ஒன்றில் தப்பு இருக்கிறது, அதைத் தேடுங்கள். பெரும்பாலும் மூன்று பேர் வேலையை ஒருவர் கணக்கில் எழுதியிருப்போம், அல்லது இன்வாய்ஸை எண்ணுவதற்குப் பதில் அதிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணியிருப்போம்.

கடைசியாக ஒரு நேரக் கணக்கு. ஒரு இன்வாய்ஸுக்குச் சராசரி எட்டு நிமிடம் என்றால் 40 இன்வாய்ஸ் ஐந்து மணி இருபது நிமிடம். மின்னஞ்சல், ஃபோன், தேநீர் போக ஒரு ஷிஃப்டுக்குள் அடங்கும். மாதக் கடைசியில் 65 என்றால் எட்டு மணி நாற்பது நிமிடம். அந்த நாட்களில் நீங்கள் ஓவர்டைம் இருந்தீர்களா? இல்லையென்றால் 65 என்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமில் எழுதும் வரி இப்படி இருக்கலாம்: “மூவர் குழுவில், மாதம் சுமார் 800 வெண்டார் இன்வாய்ஸ்களைப் பதிவுசெய்து சரிபார்த்தேன்.” “800-க்கு மேல்” என்று எழுதாதீர்கள். உங்கள் கணக்கு 800-ஐ ஒட்டி நிற்கும்போது “மேல்” என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை. 797 என்றும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் படிப்பவர் உங்களிடம் ரிப்போர்ட் இருப்பதாக நினைப்பார், அது இல்லாதபோது அந்த எண்ணே பொய்யாகிறது. “மூவர் குழுவில்” என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, துல்லியம். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். “99.9% துல்லியம்” என்று பார்த்தாலே எனக்குக் கை நிற்காது, உடனே கேள்வி கேட்டுவிடுவேன். எதில் 99.9? ஒரு இன்வாய்ஸில் பத்துக் கட்டங்கள் நிரப்புகிறீர்கள். கட்டத்துக்குக் கட்டம் 99% சரி என்றாலும், பத்துமே சரியாக இருக்கும் இன்வாய்ஸ் சுமார் 90% தான். ஒரே வேலைக்கு இரண்டு எண்ணும் உண்மை, எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாவிட்டால் இரண்டும் பொய்.

இன்னொன்று, நமக்குத் தெரிந்த தவறு என்பது யாரோ கண்டுபிடித்த தவறு மட்டுமே. மேலதிகாரி 300 இன்வாய்ஸைப் பார்த்து ஒரு தவறும் இல்லை என்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது. புள்ளியியலில் இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: பார்த்த எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால், உண்மையான தவறு விகிதம் அதிகபட்சம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம். 3-ஐ 300-ஆல் வகுத்தால் 1%. அதாவது 300 பார்த்து ஒன்றும் சிக்காவிட்டாலும், நூற்றுக்கு ஒன்று வரை தவறு இருக்கலாம் என்பதை மறுக்க நம்மிடம் ஆதாரம் இல்லை. அந்த 300-ம் அங்கொன்று இங்கொன்றாக எடுத்தவையாக இருந்தால்தான் இந்தக் கணக்கே செல்லும். எளிதான பில்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தால் அதுவும் செல்லாது.

ஆகவே துல்லியத்தை விடுங்கள், திரும்பி வந்ததைச் சொல்லுங்கள். திருத்தச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் உங்கள் இன்பாக்ஸில் இருக்கும். ஒரு மாதத்துக்கு எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று என்றால் மாதம் பத்து, அதாவது 800-க்கு 10. “மாதம் சுமார் 800-ல், திருத்தத்துக்குத் திரும்பியவை பத்து அளவில்.” இந்த வரியை எந்த நேர்காணலிலும் தைரியமாகச் சொல்லலாம். அலுவலகத்தில் பொதுவாக எவ்வளவு திரும்பி வரும் என்று தெரிந்தால் அதையும் பக்கத்தில் சொல்லலாம். தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம்.

நேரத்தை மிச்சப்படுத்திய கதையிலும் சதவீதம் வழுக்கும். மாத இறுதி ஒத்துப்பார்ப்புக்கு முன்பு 10 முதல் 14 மணி நேரம் ஆனது, வெண்டார் குறியீட்டைத் தானே தேடி எடுக்கும் எக்செல் ஷீட் ஒன்றை நீங்கள் செய்தபின் 4 முதல் 5 மணி ஆகிறது என்றால், குறைந்தபட்சம் 50%, அதிகபட்சம் 71% மிச்சம். பலரும் 71-ஐத்தான் எடுப்பார்கள். “ஒன்றரை நாள் வேலை பாதியாகக் குறைந்தது” என்று எழுதினால் போதும், அது கீழ் எல்லையிலேயே நிற்கிறது. அதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அதே சமயத்தில் சிஸ்டம் மாறியதா, வெண்டார்கள் குறைந்தார்களா, கூட ஒருவர் வேலைக்குச் சேர்ந்தாரா? ஏதாவது நடந்திருந்தால் சதவீதத்தையே எடுத்துவிட்டு, என்ன ஷீட் செய்தீர்கள், இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள்.

நீங்கள் இன்னும் அதே வேலையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. வரும் திங்கள்கிழமையிலிருந்து ஒரு சாதாரண வாரமும், அப்புறம் மாதக் கடைசி வாரமும் தினசரி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மாதக் கடைசியை மட்டும் எண்ணினால் கணக்கு ஊதிவிடும், அதை விட்டுவிட்டால் சுருங்கிவிடும். குறிப்பில் எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். வெண்டார் பெயர், தொகை, ஸ்கிரீன்ஷாட் எதையும் வெளியே எடுத்துவராதீர்கள். மொத்தத் தொகையை ரெஸ்யூமில் போடுவதற்கு முன் அது வெளியே சொல்லக்கூடியதுதானா என்று யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த வழியிலும் கணக்குப் போட முடியாத வேலைகளும் இருக்கும், எடுத்துக்காட்டாக ஃபைல் அடுக்குவது, ஃபோனில் பதில் சொல்வது. அங்கே அளவுக்குப் பதில் எல்லையைச் சொல்லுங்கள்: எத்தனை கிளைகளுக்கு, எவ்வளவுக்கு ஒருமுறை, எந்தக் கெடுவுக்குள். “மூன்று கிளைகளின் கணக்கை ஒவ்வொரு மாதமும் மூன்றாம் வேலைநாளுக்குள் முடித்துக் கொடுத்தேன்” என்பதில் மதிப்பீடே இல்லை, கெடு தவறிய மாதம் ஏதும் இல்லாதவரை. ஒன்றிரண்டு மாதம் தவறியிருந்தால் “ஒவ்வொரு” என்பதை எடுத்துவிட்டு “பெரும்பாலான மாதங்களில்” என்று போடுங்கள்.