காலபோகக் கடனும் கடைக் கணக்கும்: காசு அடிப்படையா, அட்டுறு அடிப்படையா?

கேள்வி: முல்லைத்தீவுப் பக்கம் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கணக்கை நானே கொப்பியில் எழுதுகிறேன்: காசு வந்தால் வரவு, போனால் செலவு. அது பிழை, அட்டுறு முறையில்தான் எழுத வேண்டும் என்கிறார் மருமகன். எனக்கு எது சரி?

பதில்:

உங்கள் கொப்பியை நிறுத்த வேண்டாம். நாளாந்தக் கணக்கைக் காசு அடிப்படையிலேயே எழுதுங்கள். இலாபத்தை மட்டும் அந்தக் கொப்பியிலிருந்து எடுக்காதீர்கள். அதைப் போகத்துக்கு ஒரு முறை அட்டுறு அடிப்படையில், அதாவது காசு கைமாறிய நாளைப் பாராமல் வரவும் செலவும் எந்தக் காலத்துக்கு உரியவையோ அந்தக் காலத்தில் சேர்த்து, பாருங்கள். வன்னியில் கடை நடத்துபவருக்கு இது ஏன் தேவை என்பதை எங்கள் கடைக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

அப்பாவின் கடை பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருக்கிறது. உயர்தரத்தில் கணக்கீடு படித்தவள் என்பதால் கொப்பி என் கைக்கு வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வயல்காரர்கள். விதைக்கும் ஒக்டோபர், நவம்பரில் கடனுக்குச் சாமான் எடுப்பார்கள். அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் தீர்ப்பார்கள். சாமான் போவது ஒரு காலம், காசு வருவது இன்னொரு காலம்.

2018 டிசம்பர் முடிவில் அப்பா கொப்பியைக் கூட்டினார். இலக்கங்களை அண்ணளவாக்கித் தருகிறேன். மூன்று மாதத்தில் கைக்காசு விற்பனை 13 இலட்சம், பழைய கடனில் வந்தது 60 ஆயிரம். விநியோகஸ்தர்களுக்குக் கொடுத்தது 12 இலட்சத்து 50 ஆயிரம். வாடகை, சம்பளம், மின்சாரம், லொறிக் கூலி எல்லாம் சேர்த்து 1 இலட்சத்து 35 ஆயிரம். "மூன்று மாதம் நின்று உழைத்தும் இருபத்தையாயிரம் நட்டம், பிள்ளை. கடையை மூடிவிடலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கொப்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது காசுப்பெட்டிக்குள் வந்து போனது மட்டும்தான். அன்றிரவே நானும் அப்பாவும் இராக்கைகளில் இருந்த சாமானை எண்ணினோம். கடன் கொப்பியைப் பெயர் பெயராகக் கூட்டினோம். கட்டாத சிட்டைகளைக் கம்பியிலிருந்து எடுத்து அடுக்கினோம். அதே மூன்றையும் ஒக்டோபர் 1ஆம் திகதியும் எண்ணி வைத்திருந்தபடியால் ஒப்பிட முடிந்தது.

சனம் எங்களுக்குத் தர வேண்டிய வருமதி 1 இலட்சத்திலிருந்து 6 இலட்சத்து 40 ஆயிரமாக உயர்ந்திருந்தது. சாமான் இருப்பு 6 இலட்சத்திலிருந்து 4 இலட்சமாக இறங்கியிருந்தது. நாங்கள் கட்ட வேண்டிய சென்மதி 2 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்து 50 ஆயிரமாகியிருந்தது. ஒக்டோபரில் ஆறு மாத வாடகை 60 ஆயிரத்தை ஒரேயடியாகக் கட்டியிருந்தோம். அதில் 30 ஆயிரம் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களுக்கு உரியது. டிசம்பர் மின்கட்டணம் 6 ஆயிரம் இன்னும் கட்டவில்லை.

இனிக் கணக்கு எளிது. 25 ஆயிரம் நட்டத்தில் தொடங்குங்கள். கூடிய வருமதி 5,40,000ஐயும் முற்கூட்டிக் கட்டிய வாடகை 30,000ஐயும் கூட்டுங்கள். குறைந்த இருப்பு 2,00,000, கூடிய சென்மதி 1,50,000, கட்டாத மின்கட்டணம் 6,000 ஆகியவற்றைக் கழியுங்கள். வருவது 1,89,000 ரூபாய் இலாபம். வீட்டுச் செலவுக்கு எடுத்த 90 ஆயிரத்தை நாங்கள் செலவில் சேர்க்கவில்லை. அது கடையின் செலவல்ல, உரிமையாளர் எடுத்த பற்று. வீட்டுக்குக் கொண்டுபோன அரிசிக்கும் மாவுக்கும் இதுவே விதி. அவற்றைப் பற்றுப் பக்கத்தில் எழுதாவிட்டால் கடையின் இலாபம் காரணமில்லாமல் குறைந்து தெரியும்.

அடுத்த மூன்று மாதம் இதற்கு நேர்மாறாக இருந்தது. அறுவடைக் காசு 5 இலட்சத்து 20 ஆயிரம் திரும்பி வந்தது. மார்ச் 31இல் கொப்பி 2 இலட்சத்து 69 ஆயிரம் மிச்சம் காட்டியது. தம்பி பெரிய குளிர்சாதனப்பெட்டி வாங்கலாம் என்றான். ஆனால் வந்த காசில் பெரும்பகுதி டிசம்பரிலேயே இலாபத்தில் சேர்ந்துவிட்ட விற்பனையின் காசு. மீண்டும் எண்ணிப் பார்த்தபோது இலாபம் 69 ஆயிரம்தான் இருந்தது. அதற்குள் இன்னொரு துயரமும் இருந்தது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது எங்கள் வாடிக்கையாளர் சிலரின் வயலும் வெள்ளத்துக்குள் போனது. அவர்களிடம் 40 ஆயிரத்தை இனி எதிர்பார்க்க முடியாது என்று அப்பாவே பெயர்களைக் குறித்துத் தந்தார். அதை அறவிட முடியாக் கடனாகக் கழித்தபின் மிஞ்சியது 29 ஆயிரம். கொப்பியை நம்பியிருந்தால் டிசம்பரில் கடையை மூடியிருப்போம், அல்லது மார்ச்சில் இல்லாத இலாபத்துக்குப் பெட்டி வாங்கியிருப்போம்.

அட்டுறுவில் வருமதியை இலாபமாகக் காட்டுவதால்தான் இந்தக் கழிவு அவசியமாகிறது. கடன் கொப்பியில் உள்ள எல்லாப் பெயரையும் காசாக எண்ணுபவரை அட்டுறு முறை காசு முறையைவிட மோசமாக ஏமாற்றும். ஒரு போகம் தாண்டியும் தீராத கடனைத் தனியே எழுதி, ஒவ்வொரு பெயராக யோசியுங்கள்.

நான் அதிகம் காணும் பிழை இது. கடனுக்குக் கொடுத்த அன்று விற்பனையாக எண்ணிய தொகையை, காசு வந்த அன்றும் விற்பனை என்று எழுதுவார்கள். காசேட்டின் வரவுப் பக்கத்தில் 'கைக்காசு விற்பனை', 'கடன் வரவு' என இரண்டு நிரல் போட்டால் இது நடக்காது. கடனுக்கு ஈடாக யாராவது நெல் மூட்டை தந்தால் காசேட்டில் எதுவும் நகராது. அன்றைய விலைக்கு அவர் கடனைக் குறைத்து, நெல்லை இருப்பில் சேருங்கள். இருப்பை வாங்கிய விலைக்கே எண்ணுங்கள். விற்கும் விலைக்கு எண்ணினால் விற்காத சாமானிலும் இலாபம் வந்துவிடும்.

பிழை உண்டா என்று அறிய மொத்த இலாப வீதத்தைப் பாருங்கள். விற்பனையிலிருந்து விற்ற சாமானின் கொள்விலையைக் கழித்து, விற்பனைக்கு எத்தனை வீதம் என்று கணியுங்கள். எங்களுக்கு முதல் மூன்று மாதம் 19 இலட்சம் விற்பனைக்கு 3 இலட்சம், ஏறக்குறைய 16 வீதம். அடுத்த மூன்று மாதம் 15 வீதம். திடீரென்று 25 என்றால் கடன் வரவை இரு தடவை எண்ணியிருப்பீர்கள், அல்லது ஏதோ ஒரு சிட்டை விடுபட்டிருக்கும். 8 என்றால் கடனுக்குப் போன சாமான் எழுதப்படாமல் இருக்கலாம். சாமான் களவு போவதும் இப்படித்தான் தெரியவரும்.

எண்ணுவதற்கு மார்ச் 31 நல்ல நாள். காலபோகம் முடிந்திருக்கும், வருமான வரி ஆண்டும் அன்றுதான் முடிகிறது. சிறுபோகத்துக்குப் பின் செப்டெம்பர் 30இல் இன்னொரு முறை எண்ணுங்கள். முதல் வருடம் மட்டும் டிசம்பர் முடிவிலும் எண்ணிப் பாருங்கள், கடன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும்.

மருமகனிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 1,89,000 இலாபம் என்று கண்ட அந்த டிசம்பர் இரவில் எங்கள் காசுப்பெட்டியில் இருந்தது 35 ஆயிரம் ரூபாய். விநியோகஸ்தருக்குப் பின்திகதியிட்டுக் கொடுத்த ஒரு காசோலை ஜனவரி 10இல் வங்கிக்குப் போக இருந்தது. அட்டுறுக் கணக்கு அதைக் காட்டி எச்சரிக்காது, காசேடுதான் காட்டும். அப்படிப்பட்ட காசோலையைக் கொடுத்த அன்றே செலவாக எழுதாதீர்கள். வங்கியில் மாறும் நாள்வரை அது சென்மதியில் இருக்கட்டும். திகதியையும் தொகையையும் காசேட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள், தினமும் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகே புதிய கடனுக்குச் சாமான் கொடுங்கள்.